தங்க அணுக்கருவின் ஆரம்: 45-ஆ, 30-ஆ, 7-ஆ?

“சார், ஆறாம் படிவ இயற்பியல் பயிற்சியில 5 எம்இவி ஆல்பா துகளைத் தங்கத் தகட்டு மேல விட்டா அணுக்கரு எவ்வளவு பெருசுன்னு கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தாங்க. எனக்கு 45 ஃபெம்டோமீட்டர் வந்துச்சு. ஈப்போவுல படிக்கிற என் கூட்டாளிக்கு 7.7 எம்இவி கொடுத்து 30 வந்திருக்கு. புத்தகத்தோட கடைசிப் பக்க அட்டவணையில தங்கத்தோட ஆரம் 7-ன்னு போட்டிருக்கு. எது சரி? அப்போ ரதர்ஃபோர்டு எதைத்தான் அளந்தாரு? — சுங்கை சிப்புட் மாணவன்”

தம்பி, ஆரம் என்று சொல்லத்தக்கது அந்த 7 மட்டும்தான். 45-ம் 30-ம் கணக்காகப் பார்த்தால் பிழையில்லை. ஆனால் அவை தங்கத்தைப் பற்றிய எண்கள் அல்ல, நீங்கள் இருவரும் விட்ட ஆல்பா துகள் எங்கே நின்று திரும்பியது என்பதைச் சொல்லும் எண்கள். ரதர்ஃபோர்டு தங்க அணுக்கருவின் ஆரத்தை அளக்கவில்லை. ‘இதற்குமேல் பெரிதாக இருக்க முடியாது’ என்று ஓர் உச்சவரம்பு போட்டார். அந்த வரம்பு உண்மையான ஆரத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

முதலில் உன் கணக்கு. ஆல்பா துகளின் மின்னூட்டம் +2, தங்க அணுக்கருவின் மின்னூட்டம் +79. நேருக்கு நேராக வரும் ஆல்பா, விலக்கு விசைக்கு எதிராக ஏறி ஏறி வேகத்தை இழக்கிறது. அதன் இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறிய இடத்தில் ஒரு கணம் நிற்கிறது, பிறகு வந்த வழியே திரும்புகிறது. அந்த இடத்துக்கும் அணுக்கருவின் மையத்துக்கும் உள்ள தூரம்தான் மிக நெருங்கிய தொலைவு. ஆற்றலை எம்இவியிலும் தூரத்தை ஃபெம்டோமீட்டரிலும் வைத்துக்கொண்டால் மாறிலிகள் எல்லாம் சேர்ந்து 1.44 என்ற ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

```
d = 1.44 × 2 × 79 / E = 227.5 / E

E = 5.0  →  d = 45.5
E = 7.7  →  d = 29.5
```

இந்தச் சூத்திரத்தில் அணுக்கருவின் ஆரம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார். இல்லை. 79 இருக்கிறது, ஆல்பாவின் ஆற்றல் இருக்கிறது, அவ்வளவுதான். அணுக்கரு 1 ஃபெம்டோமீட்டராக இருந்தாலும் 20-ஆக இருந்தாலும் இதே விடைதான் வரும். உள்ளே போடாத ஒன்றை விடையாக எடுக்க முடியாது. உங்கள் இருவருக்கும் விடை வேறுபட்டதே இதற்குச் சாட்சி: ஒரே தங்கம், ஆற்றலை மாற்றினால் ‘அளவு’ மாறுகிறது. அளக்கும் கருவியை மாற்றும்போதெல்லாம் மாறுகிற எண், அளக்கப்படும் பொருளின் பண்பாக இருக்காது.

அப்படியானால் இதிலிருந்து எதுவுமே தெரியவில்லையா என்றால், நிறையத் தெரிகிறது. நம் பக்கத்துத் தோட்டங்களில் துரை பங்களா எப்போதும் குன்றின் உச்சியில்தான் இருக்கும், பார்த்திருப்பாய். கீழ்ச்சாலையில் வேகமாக வந்து, மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை அணைத்துவிட்டு அந்த மேட்டில் ஏறவிடு. வந்த வேகத்தில் பாதி மேடு ஏறி நின்றுவிடும், பிறகு பின்னோக்கி உருளும். நின்ற இடம் பங்களாவின் வாசல் அல்ல. அங்கே வரைக்கும் சரிவு விடாமல் ஏறிக்கொண்டே இருந்தது என்பதும், சமதளமான பங்களா முற்றம் அதற்கும் மேலேதான் எங்கோ தொடங்குகிறது என்பதும் மட்டுமே தெரியும். இன்னும் வேகமாக வந்தால் இன்னும் மேலே போய் நிற்கும். முற்றத்தின் விளிம்பை வண்டி தொடாதவரை முற்றத்தின் அகலத்தைப் பற்றி வண்டிக்கு ஒன்றும் தெரியாது.

இதில் ‘சமதளம்’ என்று சொன்னது இயற்பியலில் அப்படியே பொருந்துகிறது. மின்னூட்டம் ஒரு கோளத்துக்குள் பரவியிருந்தால், கோளத்துக்கு வெளியே இருக்கும்வரை அது முழுவதும் மையத்தில் ஒரு புள்ளியாக இருப்பதுபோலத்தான் விசை இருக்கும். தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. கோளத்துக்குள் நுழைந்த பிறகு கதை மாறும். விசை குறையத் தொடங்கும், மையத்தில் சுழியாகிவிடும். நிலை ஆற்றலின் மேடு உச்சியில் தட்டையாகி, ஓர் உயரத்துக்கு மேல் ஏறாது. சீராகப் பரவிய கோளம் என்றால் மையத்தில் அந்த உயரம், கோளத்தின் விளிம்பில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு. அதாவது 1.5 × 227.5 / R.

இதை வைத்துக்கொண்டு முதலில் தாம்சனின் அணுவைப் பார்த்துவிடலாம். நேர்மின்னூட்டம் அணு முழுக்கப் பரவியிருக்கிறது என்பதுதான் அந்தக் கருத்து. தங்க அணுவின் ஆரம் சுமார் 144,000 ஃபெம்டோமீட்டர். அதை R-க்குப் போட்டால் மேட்டின் உயரம் 0.0024 எம்இவி வரும், அதாவது 2,400 எலெக்ட்ரான் வோல்ட். ஆல்பா வருவதோ 7.7 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டோடு. மூவாயிரம் மடங்குக்கும் மேல் கூடுதல் ஆற்றலுள்ள ஒன்றை இந்த மேடு திருப்பி அனுப்பாது, பாதையைக் கடுகளவு அசைக்கும், அவ்வளவுதான். கடுகளவு அசைவுகள் பல அணுக்களில் சேர்ந்து பெரிதாகிவிடாதா என்று தாம்சன் பக்கம் நின்று கேட்கலாம். கெய்கர் அதையும் அளந்திருந்தார். 0.00004 சென்டிமீட்டர் தடிமனுள்ள தங்க இலையில் ஆல்பா துகள் திரும்புவதற்கு மிக அதிக வாய்ப்புள்ள கோணம் சுமார் 0.87 பாகை. இப்படிச் சின்னச் சின்னதாக, ஆளுக்கொரு திசையில் இழுக்கும் திருப்பங்கள் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்து 90 பாகை ஆவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை. ஆனால் அதே தடிமனில் ஏறத்தாழ 20,000-க்கு ஒன்று அந்த அளவுக்குத் திரும்பியது என்று ரதர்ஃபோர்டு 1911 கட்டுரையில் எடுத்துக் காட்டினார். ஆகவே ஒரே ஓர் அணு, ஒரே ஒரு மோதலில் அதைத் திருப்பியிருக்க வேண்டும்.

(இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். ‘தங்கத்தில் 8,000-க்கு ஒன்று திரும்பியது’ என்று பல நூல்களில் பார்ப்பாய். 1909-இல் கெய்கரும் மார்ஸ்டனும் அந்த எண்ணை எடுத்தது பிளாட்டினத்தில். தேர்வில் அந்த எண்ணைக் கேட்டால் எழுதிவிடு, ஆனால் தங்க இலையின் கணக்கோடு அதை ஒப்பிட்டுக் குழம்பாதே.)

சரி, ஆல்பா திரும்பி வந்துவிட்டது. இது மட்டும் தெரிந்தால் அணுக்கருவின் ஆரத்துக்கு என்ன வரம்பு கிடைக்கும்? உடனே ‘30’ என்று சொல்லத் தோன்றும். அது அவசரம். தட்டையான உச்சியும் விளிம்பைவிட ஒன்றரை மடங்கு உயரம் என்று இப்போதுதான் பார்த்தோம். 7.7 எம்இவி துகளைத் திருப்ப அந்த உச்சி 7.7-ஐவிட உயரமாக இருந்தால் போதும்.

```
1.5 × 227.5 / R > 7.7   →   R < 44
```

ஆக, 40 ஃபெம்டோமீட்டர் ஆரமுள்ள ஒரு கோளமும் நேராக வரும் ஆல்பாவைத் திருப்பி அனுப்பிவிடும். ஆல்பா அதற்குள் கொஞ்சம் நுழைந்து நின்று திரும்பும். ‘திரும்பியது’ என்ற ஒரு செய்தி 44 வரைக்கும்தான் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. 44-இலிருந்து 30-க்கு இறங்க வேறொரு சான்று வேண்டும். அந்தச் சான்றுதான் 1913-ஆம் ஆண்டின் அளவீடு. 1909-இன் வியப்பு எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு அதைவிட 1913 முக்கியமாகப் படுகிறது.

1911-இல் ரதர்ஃபோர்டு போட்ட கணக்கு இதுதான். மின்னூட்டம் உண்மையிலேயே ஒரு புள்ளியில் இருப்பதுபோல நடந்துகொண்டால், θ கோணத்தில் திரும்பும் துகள்களின் எண்ணிக்கை 1/sin⁴(θ/2) என்பதற்கு நேர்விகிதமாக இருக்கும். அப்படியானால் எண்ணிக்கையை sin⁴(θ/2)-ஆல் பெருக்கினால் எந்தக் கோணத்திலும் ஒரே எண் வர வேண்டும். கெய்கரும் மார்ஸ்டனும் மான்செஸ்டரில் இதைச் சோதித்தார்கள். ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயுவும் அதன் வழித்தோன்றல்களும்தான் ஆல்பாவின் மூலம். சிதறி வரும் ஒவ்வொரு துகளும் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் பட்டு ஓர் ஒளிப்புள்ளியாக மினுங்கும். இருட்டறையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்த மினுக்கங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 90-க்கு மேல் போனால் கண் தவறவிடும், 5-க்குக் கீழே போனால் எண்ணி முடிக்கவே காலம் போதாது. சின்னக் கோணத்தில் துகள்கள் கொட்டும், பெரிய கோணத்தில் அரிதாக ஒன்று வரும். இரண்டையும் ஒரே வலிமையுள்ள மூலத்தை வைத்து எண்ண முடியாது. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால் மூலமே நாளுக்கு நாள் தேய்கிறது. அந்தத் தேய்மானம் எண்ணுபவருக்கு ஒரு வகையில் வசதியும்கூட, ஆனால் ஒவ்வொரு எண்ணையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மினுக்கங்களை எண்ணினார்கள்.

தங்கத்துக்கு அவர்கள் கொடுத்த அட்டவணையிலிருந்து மூன்று வரிகளை மட்டும் எடுக்கிறேன். 150 பாகையில் எண்ணிக்கை 33.1, பெருக்கிய பிறகு 28.8. 60 பாகையில் எண்ணிக்கை 477, பெருக்கிய பிறகு 29.8. 15 பாகையில் எண்ணிக்கை 132,000, பெருக்கிய பிறகு 38.4. எண்ணிக்கை நான்காயிரம் மடங்கு மாறும்போது பெருக்கிய எண் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நகர்கிறது. அந்த நகர்வும் சின்னக் கோணப் பக்கத்தில்தான். 60-இலிருந்து 150 வரை எடுத்துக்கொண்டால் எல்லாமே 27.5-க்கும் 31.2-க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன.

இதற்கும் அளவுக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொரு கோணமும் ஒரு தூரத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. சற்று விலகி வரும் ஆல்பா அணுக்கருவை அவ்வளவு நெருங்குவதில்லை, கொஞ்சமே திரும்புகிறது. நேராக வருவது அதிகம் நெருங்குகிறது, அதிகம் திரும்புகிறது. θ கோணத்தில் திரும்பியதன் மிக நெருங்கிய தொலைவு இது:

```
r(θ) = (d/2) × (1 + 1/sin(θ/2))
```

d-க்கு 29.5 போட்டால் 15 பாகைக்கு 128, 60 பாகைக்கு 44, 150 பாகைக்கு 30 ஃபெம்டோமீட்டர் வரும். இப்போது அட்டவணையைத் திரும்பப் பார். மையத்திலிருந்து 128-இல் இருந்து 30 வரைக்கும் உள்ளே போய்ப் பார்த்தாகிவிட்டது, எங்கேயும் விதி முறியவில்லை. ஆரம் 40 ஃபெம்டோமீட்டராக இருந்திருந்தால் 60 பாகைக்கான துகள்கள் 44-இல் வெளியே சுற்றிப் போயிருக்கும், 150 பாகைக்கானவை உள்ளே நுழைந்திருக்கும். உள்ளே விசை வேறு என்பதால் 150 பாகையில் பெருக்கிய எண் 29-ஐ விட்டு விலகியிருக்கும். அது விலகவில்லை. ஆகவே மின்னூட்டம் முழுவதும் 30-க்கு உள்ளேதான் இருக்கிறது. உன் கூட்டாளிக்கு வந்த 30, அணுக்கருவைப் பற்றிய ஒரு கூற்றாக மாறுவது இந்த இடத்தில்தான். வெறும் ஆற்றல் சமன்பாட்டால் அது நடக்காது, கோணப் பரவலும் சேர்ந்து நின்றால்தான் நடக்கும்.

ரதர்ஃபோர்டு 1911-இல் எழுதிய எண் 30 அல்ல, 34 ஃபெம்டோமீட்டர். அப்போது தங்கத்தின் மைய மின்னூட்டம் 79 என்று யாருக்கும் தெரியாது. தோராயமாக 100 என்று வைத்துக்கொண்டார். ஆல்பாவின் வேகத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பும் இன்றையதைவிடச் சற்றுக் கூடுதல். இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டுரையில் மைய மின்னூட்டம் நேரா எதிரா என்பதையே அவர் முடிவு செய்யவில்லை, ஏனென்றால் கவர்ந்தாலும் விலக்கினாலும் அந்தக் கோண விதி மாறாது. பாடநூலில் எல்லாம் ஒரே நாளில் தெளிவாகிவிட்டதுபோல இருக்கும். மின்னூட்டத்தின் எண்ணளவு 1920-இல் சாட்விக் இதே சிதறலை இன்னும் நுட்பமாக அளந்த பிறகுதான் அணு எண்ணோடு ஒட்டி வந்தது. பிளாட்டினத்துக்கு 77.4, வெள்ளிக்கு 46.3, செம்புக்கு 29.3 என்று அவருக்குக் கிடைத்தன. உண்மையான அணு எண்கள் 78, 47, 29.

விதி முறியவில்லை என்பது நல்ல செய்திபோலத் தெரியும். ஆரத்தை அளக்க நினைப்பவனுக்கு அது கெட்ட செய்தி. வண்டி முற்றத்தைத் தொட்டால்தானே முற்றம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்! அளவைக் காண வேண்டுமென்றால் ரதர்ஃபோர்டின் சூத்திரம் தோற்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். தங்கத்தில் அது நடக்காது. இயற்கைக் கதிரியக்கத்தில் ஆய்வகங்களுக்குக் கிடைத்த வேகமான ஆல்பாவின் ஆற்றல், தோரியம் வரிசையில் வருவது, 8.8 எம்இவி. அதைப் போட்டாலும் 26 ஃபெம்டோமீட்டரில் நின்றுவிடும். 79 என்ற பெரிய மின்னூட்டமே ஆல்பாவைத் தூரத்தில் தடுத்து நிறுத்துகிறது.

ஆனால் மின்னூட்டம் குறைந்த அணுக்கரு என்றால்? அலுமினியத்தை எடுத்துக்கொள். Z = 13. அதே 7.7 எம்இவி ஆல்பாவை விட்டால் சூத்திரம் 4.9 தரும். இங்கே ஒரு திருத்தம் அவசியம். அலுமினிய அணுக்கரு ஆல்பாவைப்போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான நிறைதான், அதனால் அடி வாங்கியதும் அதுவும் பின்னால் நகரும். அந்த நகர்வுக்குப் போகும் ஆற்றல் நெருங்குவதற்குப் பயன்படாது. (27 + 4)/27 என்று பெருக்கினால் 5.6 வரும். தங்கத்தில் இதே திருத்தம் 2 விழுக்காடுதான், அதனால்தான் உன் பயிற்சியில் அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது அலுமினியத்தின் ஆரம் சுமார் 3.6, ஆல்பாவின் ஆரம் சுமார் 1.9. கூட்டினால் 5.5. அதாவது 5.6-இல் நிற்கும் ஆல்பா ஏறக்குறைய அலுமினியத்தின் மேற்பரப்பில் உரசிக்கொண்டு நிற்கிறது!

சூத்திரம் உண்மையாகவே இங்கே தோற்றது. 1919-இல் ரதர்ஃபோர்டு ஆல்பாவை ஹைட்ரஜனில் மோதவிட்டபோதே, 3 ஃபெம்டோமீட்டரை ஒட்டிய நெருக்கத்தில் புள்ளி மின்னூட்டக் கணக்கு பொருந்தவில்லை என்று கண்டார். 1924-இல் பீலர் அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் பெரிய கோணச் சிதறலை அளந்தபோது எண்ணிக்கை ரதர்ஃபோர்டு விதியை விட்டு விலகியது. நெருக்கத்தில் மின்விசையைத் தவிர வேறு ஏதோ ஒரு விசை குறுக்கே வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அணுக்கரு விசை என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். தங்கம் மெல்லிய இலையாக அடிக்க வசதியானது, கனமானது, அசையாதது. அதனால் ‘அணுக்கரு உண்டு’ என்று நிறுவ அதைவிட நல்ல உலோகம் கிடைக்காது. அளவு காண்பதற்கு அதே தங்கம் மிக மோசமான தேர்வு.

தங்கத்தையே தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஆல்பாவைச் செயற்கையாக முடுக்க வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபார்வெல், வெக்னர் என்ற இருவர் சைக்ளோட்ரானில் 40 எம்இவிக்கு அப்பாலும் ஆல்பாக்களை முடுக்கி, தங்கம், ஈயம் போன்ற கனமான தனிமங்களின் மேல் விட்டார்கள். இம்முறை கோணத்தை மாற்றவில்லை. 60 பாகையில் நிறுத்திவிட்டு ஆற்றலை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். கோணம் மாறாமல் இருந்தால் ரதர்ஃபோர்டு விதிப்படி எண்ணிக்கை 1/E² என்று இறங்க வேண்டும். 27 எம்இவியை ஒட்டிய ஆற்றல் வரைக்கும் அப்படியே இறங்கியது. அதற்குமேல் எண்ணிக்கை திடீரென்று அந்தக் கோட்டைவிட்டுக் கீழே சரிந்தது. காரணம், அணுக்கருவைத் தொட்ட ஆல்பா பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. உள்ளே இழுக்கப்பட்டு வேறு வினையில் சிக்கிவிடுகிறது.

அந்த முறிவுப் புள்ளியில் தூரம் என்னவென்று நீயே போட்டுப் பார்க்கலாம்.

```
d = 227.5 / 27 = 8.4
r(60°) = (8.4 / 2) × (1 + 1/0.5) = 12.6
```

‘ஆரம் 12.6’ என்று எழுதிவிடாதே. இது இரண்டு மையங்களுக்கும் இடையே உள்ள தூரம். இதில் தங்கத்தின் 7 இருக்கிறது, ஆல்பாவின் 1.9 இருக்கிறது, மீதி மூன்றரையை ஒட்டிய தூரம் அணுக்கரு விசை எட்டும் எல்லையும், இரண்டு உருண்டைகளின் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல இல்லாமல் மங்கலாக இருப்பதும் சேர்ந்தது. ஆல்பாவை வைத்து அளக்கும்போது இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. அளக்கும் கோலுக்கே ஓர் உடம்பு இருக்கிறது, அதற்கே ஓர் ஈர்ப்பு இருக்கிறது. கிடைத்த எண்ணை எப்படிப் பங்கு பிரிப்பது என்பதற்கு ஒரு மாதிரியை நம்பித்தான் ஆக வேண்டும். முறிவு என்பதும் ஒரே ஆற்றலில் சட்டென்று நடப்பதில்லை, அதனால் ‘27’ என்பதைத் தசமப் புள்ளிக்குப் பிறகெல்லாம் இழுக்கக் கூடாது.

உன் அட்டவணையில் உள்ள 7 வேறு வழியில் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டரும் அவர் குழுவினரும் 1950-களில் ஆல்பாவுக்குப் பதில் எலெக்ட்ரானை விட்டார்கள். எலெக்ட்ரானுக்கு அணுக்கரு விசை கிடையாது, மின்விசை மட்டும்தான் தெரியும். அதனால் அது அணுக்கருவுக்குள் புகுந்து மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரும். 183 எம்இவி எலெக்ட்ரானின் அலைநீளம் சுமார் 6.8 ஃபெம்டோமீட்டர், தங்க அணுக்கருவின் அளவுக்குச் சமமாக வருகிறது. எனவே சிதறல் கோணத்தோடு மேடும் பள்ளமுமாக மாறும், அந்த வடிவத்திலிருந்து மின்னூட்டப் பரவலை வரையலாம். தங்கத்துக்குக் கிடைத்த படம் இது: உள்ளே ஏறக்குறைய ஒரே அடர்த்தி, மையத்திலிருந்து 6.4 ஃபெம்டோமீட்டர் தூரத்தில் அடர்த்தி பாதியாகிறது, 90 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறங்க 2.3 ஃபெம்டோமீட்டர் பிடிக்கிறது. இந்த மங்கலான உருண்டையைச் சீரான அடர்த்தியும் கூர்மையான விளிம்பும் உள்ள ஓர் உருண்டையாக மாற்றி எழுதினால் ஆரம் ஏறத்தாழ 7 வரும். நிறை எண்ணிலிருந்து போடும் 1.2 × 197^(1/3) என்ற கணக்கும் 7.0 தருவது இதனால்தான். வேறொரு அட்டவணையில் தங்கத்துக்கு 5.4 என்று பார்த்தால் பயப்படாதே, அது மின்னூட்டத்தின் இருமடிச் சராசரி மூலத் தூரம். அதை √(5/3)-ஆல் பெருக்கினால் மீண்டும் 7 வந்துவிடும்.

தேர்வுத் தாளுக்கு வருவோம். ‘அணுக்கருவின் அளவை மதிப்பிடுக’ என்று கேட்டு 5 எம்இவி கொடுத்திருந்தால் 45.5 ஃபெம்டோமீட்டர் என்று கணக்கை முடி. அதன் கீழே ‘இது மிக நெருங்கிய தொலைவு. இந்தத் தூரம் வரை ரதர்ஃபோர்டு விதி பொருந்துவதால் தங்க அணுக்கருவின் ஆரம் இதைவிடக் குறைவு’ என்று எழுது. ‘ஆரம் = 45.5’ என்று சமக்குறி போடாதே. கேள்வியில் அலுமினியம் போன்ற இலேசான தனிமத்தைக் கொடுத்திருந்தால், விடை எழுதுவதற்கு முன் 1.2 × A^(1/3) போட்டு, ஆல்பாவின் 1.9-ஐயும் கூட்டிப் பார். உன் d அதை நெருங்கிவிட்டால் சூத்திரமே அங்கே செல்லாது, அணுக்கரு பின்னகர்வதையும் விட்டுவிட முடியாது. இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடு.